70க்கு 30: டியூஷன் வகுப்பிலும் அரைப்பேரா?

ஏ.எல் எழுதிவிட்டு கெம்பஸ் கிடைக்கும் வரைக்கும் ஊரில் இருக்கிற அந்த ஒன்றரை வருஷத்தில் நம்மில் நிறையப் பேர் சோக்கட்டி பிடித்திருக்கிறோம். டயகம, அக்கரப்பத்தனை, லிந்துலை பக்கம் ஒரு சென்டரில் வகுப்புக் கேட்டுப் போனால் பெரும்பாலும் முதல் பேச்சே “70க்கு 30, சம்மதமா?” என்பதுதான். பிள்ளைகள் கட்டுகிற ஃபீஸில் 70 வீதம் படிப்பிக்கிறவருக்கு, 30 வீதம் இடம் தருகிறவருக்கு. சில இடத்தில் 75க்கு 25, புதுமுகம் என்றால் 60க்கு 40. இதைத்தான் நம்ம செட்டில் எல்லாரும் “நியாயமான முறை” என்கிறார்கள். உழைக்கிறவனுக்கு உழைப்புக்கு ஏத்த காசு, பிள்ளைகள் கூடினால் வருமானம் கூடும், மாதச் சம்பளம் என்றால் அடிமை வேலை. இதுதான் வாதம்.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கொழும்பிலோ கண்டியிலோ 600 பிள்ளைகள் உட்காருகிற மண்டபத்தில் அது சரியாக இருக்கலாம். டயகமவில் பங்கு முறை என்பது தோட்டத்து வறுமையின் நட்டத்தை சென்டரிடமிருந்து எடுத்து ஆசிரியரின் தலையில் வைக்கிறது. ஆசிரியர் அதை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைக்கிறார். வேறு வழி அவருக்கும் கிடையாது.

கணக்காகவே பார்ப்போம். பெயர் வேண்டாம், நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு சென்டர். தரம் 11 கணிதம், சனிக்கிழமை காலை 3 மணித்தியாலம், மாதம் 4 வகுப்பு. இடாப்பில் 42 பிள்ளைகள். ஃபீஸ் மாதம் 800 ரூபாய். 42ஐ 800ஆல் பெருக்கினால் 33,600. இந்தத் தொகையைச் சொல்லித்தான் சேரைக் கூப்பிடுவார்கள். “எழுபது வீதம்னா 23,000க்கு மேல சேர், நாலே நாள் வேலை.”

கைக்கு வருவது வேறு. 29 பேர் முழுசாகக் கட்டினார்கள். 6 பேர் ஹாஃப் கார்ட், 400 ரூபாய். 3 பேர் ஃப்ரீ கார்ட். மிச்சம் 4 பேர் “அடுத்த மாசம் சேர்த்துத் தாரேன்” என்றவர்கள். ஆக வசூல் 25,600. அதில் சென்டருக்கு 7,680, சேருக்கு 17,920. பங்கு முறையில் டியூட் அடிக்கிற செலவு சேருடையது. ஒரு பிள்ளைக்கு வாரம் 4 பக்கம், 42 பிள்ளைக்கு 4 வாரம், மொத்தம் 672 பக்கம். பக்கம் 8 ரூபாய் என்றால் 5,376. தலவாக்கலையிலிருந்து வந்து போகிற பஸ்ஸுக்கு நாளுக்கு 300 வைத்தால் 1,200. மிச்சம் 11,344 ரூபாய். 23,000 என்று கூப்பிட்ட வேலையில் பாதி.

இதில் ஒரு சின்ன அநியாயத்தைக் கவனியுங்கள். ஃப்ரீ கார்ட் கொடுப்பது யார்? சென்டர்காரர். அப்பா இல்லாத பிள்ளை, அம்மா வெளிநாட்டில், வீட்டில் பாட்டி மட்டும் என்று தெரிந்து அவர் “இந்தப் புள்ளைக்கு ஃப்ரீயா விடுங்க சேர்” என்பார். நல்ல மனுஷன் என்ற பெயர் அவருக்கு. ஆனால் விட்டுக்கொடுத்த 800இல் அவருடையது 240, சேருடையது 560. டியூட் செலவு வேறு சேருடையது. தர்மம் ஒருத்தர் பெயரில், பில் இன்னொருத்தர் பெயரில்.

அதைவிட முக்கியமானது ஃபீஸ் கேட்கிற வேலை யாருடையது என்பது. பங்கு என்றால் வசூலில் சேருக்கும் அக்கறை இருக்க வேண்டும், ஆகவே கார்ட் பார்ப்பது வகுப்புக்குள்ளேயே நடக்கும். மூன்றாம் வாரம், இடைவேளைக்கு முன்னால், “கார்ட் போடாதவங்க எழும்புங்க.” நம்மில் எழும்பாதவர்கள் குறைவு. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி வரும், அட்வான்ஸ் 25ஆம் திகதி பக்கம். 10ஆம் திகதி திங்கட்கிழமை விழுந்தால், 8ஆம் திகதி சனிக்கிழமை கார்ட் கேட்பது வெறுங்கையிடம் கேட்பது. 15ஆம் திகதி கேட்டால் கடைக்கடன், சீட்டு எல்லாம் கழிந்து மிச்சத்தில் ஏதாவது இருக்கும். 22ஆம் திகதி கேட்டால் திரும்பவும் வெறுங்கை. இந்தக் கலண்டர் தெரியாத வெளியூர் சேர் “இந்தத் தோட்டத்து ஆக்கள் ஃபீஸ் கட்ட மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு வகுப்பில் பங்கு முறை பிள்ளைகளை எப்படித் தின்கிறது என்று தெரிய வேண்டுமானால் வரவு இடாப்பைப் பாருங்கள். முதல் வாரம் 40, இரண்டாம் வாரம் 41, மூன்றாம் வாரம் 30, நான்காம் வாரம் 36. அந்த மூன்றாம் வாரத்துப் பள்ளம் காய்ச்சலால் வந்ததில்லை, கார்ட் பார்க்கிற வாரம் அது. அந்த வாரம் திரிகோண கணிதம் ஆரம்பித்திருந்தால், வராத அந்தப் பிள்ளைகளுக்கு திரிகோண கணிதம் இல்லை. அவ்வளவுதான். பிறகு பரீட்சையில் “கணிதம் ஃபெயில்” என்று வரும்போது பிள்ளைக்கு மூளை இல்லை என்போம்.

இன்னும் மூன்று அடையாளங்கள் உண்டு. டியூட் பக்கம் குறைந்துகொண்டே வரும். முதல் தவணையில் 4 பக்கம், மூன்றாம் தவணையில் 2 பக்கம், மிச்சத்தைப் பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும், பாதி நேரம் அதிலேயே போகும். பிறகு தரம் 10ஐயும் 11ஐயும் ஒரே அறையில் போடுவார்கள். “ரிவிஷன் மாதிரி இருக்கும்” என்பார்கள். உண்மையில் ஒரே மூன்று மணித்தியாலத்தில் இரண்டு பேட்ச் தலை. கடைசியாக சனிக்கிழமை வகுப்பு வியாழக்கிழமை பின்னேரத்துக்கு மாறும். ஹட்டனில் அவருக்கு சனிக்கிழமை 180 பிள்ளைகள் உள்ள மண்டபம் கிடைத்திருக்கும். வியாழக்கிழமை நாலரைக்குத் தொடங்குகிற வகுப்பு, மழைக் காலத்தில் ஆறு மணிக்கு இருட்டு, மேல் டிவிஷன் பொம்பளப் பிள்ளைகள் நிற்பார்கள். எண்ணிக்கை 42இலிருந்து 25 ஆகும். “காணாது சேர், நிப்பாட்டுவோம்” என்று இரண்டு பக்கமும் கைகுலுக்கிப் பிரிந்துவிடும்.

அந்த சேரைத் திட்டி என்ன பயன்? 180 தலையா, 42 தலையா என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிற ஒப்பந்தத்தை அவர் கையில் கொடுத்தவர்கள் நாம்.

தலை எண்ணுகிற இந்த முறை நமக்குப் புதுசில்லை. அந்தக் காலத்துப் பெரிய கங்காணிக்குத் தோட்டத்தில் கிடைத்த வருமானத்தில் ஒரு முக்கியமான பகுதி தலைக்காசு. தன் கூட்டத்தில் அன்று பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்களோ, அத்தனை தலைக்கு இத்தனை சதம். காய்ச்சலோடு ஒரு பொம்பள கிடந்தால் கங்காணிக்கு ஒரு தலை குறைவு. அதனால்தான் லயத்துக் கதவைத் தட்டி எழுப்புகிற வேலை கங்காணியுடையதாக இருந்தது, துரை தட்ட வேண்டியிருக்கவில்லை. காசு தலையில் கட்டப்பட்டிருந்தால் அதட்டுகிற வேலையும் அதோடு சேர்ந்தே வரும். சேரைக் கங்காணி ஆக்கிவிட்டு, அவர் கங்காணி மாதிரிக் கதைக்கிறார் என்று கோபப்படுகிறோம்.

இதைவிடக் கிட்டத்து உதாரணம் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு “ஒரு பேர்”. கொழுந்து நிர்ணயித்த அளவுக்கு வரவில்லை என்றால் “அரைப்பேர்”. மழையோ வறட்சியோ, மலையில் கொழுந்தே இல்லையோ, அது எடுத்தவளின் பாடு. அரைப்பேருக்கு எதிராக நம் ஆட்கள் எத்தனை தரம் பெரட்டுக்களத்தில் நின்றிருக்கிறார்கள். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் எல்லாம் “வேலைக்கு வந்தவளுக்கு ஒரு அடிப்படை இருக்க வேண்டும்” என்ற ஒரே கோரிக்கையின் மேல் நிற்பவை. தோட்டக் கம்பனிகள் பல வருஷமாக வேறொன்றைச் சொல்லி வருகின்றன: நாட்சம்பளத்தை விட்டுவிட்டு வருமானப் பகிர்வுக்கு வாருங்கள், ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி, பராமரியுங்கள், கொழுந்து விலையில் பங்கு எடுங்கள், உழைத்தால் இப்போதையதைவிடக் கூட உழைக்கலாம் என்று. நம்ம கெம்பஸ் மலையக மாணவர்களில் இதை எதிர்த்துக் கதைக்காத ஆள் இல்லை. விலை விழுந்தால், வறட்சி வந்தால், உரம் ஏறினால் யார் தாங்குவது என்று கேட்கிறோம். சரியான கேள்வி.

அதே ஆட்கள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து 70க்கு 30ஐ “நியாயமான முறை” என்கிறார்கள். தேயிலையில் வேண்டாம் என்ற அதே ஒப்பந்தம் வகுப்பறையில் எப்படி நியாயமாகும்? ஒரே ஒரு வித்தியாசம், தேயிலையில் நட்டத்தைத் தாங்கப் போவது அம்மா, இங்கே நாமும் நம்ம தம்பி தங்கச்சியும்.

எதிர்த்தரப்பில் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. பொருளியல் படிக்கிற என் பேட்ச் நண்பன் ஆடம் ஸ்மித்தைக் கொண்டு வந்தான். 1776இல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ஸ்மித் இந்தக் கேள்வியை நேராகவே எடுக்கிறார். ஒக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர்களுக்கு அறக்கொடைச் சொத்திலிருந்து நிலையான சம்பளம் வந்தது. மாணவன் வந்தாலும் வராவிட்டாலும் அது வரும். அதனால் பெரும்பாலானவர்கள் படிப்பிப்பதாகப் பாவனை செய்வதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று எழுதுகிறார். 1740களில் அவர் அங்கே படித்தவர், பார்த்துச் சொல்கிறார். பிறகு அவர் படிப்பித்த கிளாஸ்கோவில் சின்னச் சம்பளமும் அதன்மேல் மாணவர் கட்டணமும். அங்கே விரிவுரைகள் ஒழுங்காக நடந்தன. “பாத்தியா, ஃபீஸ்ல தங்கியிருந்தாத்தான் வாத்தியார் வேலை செய்வார்” என்றான் நண்பன்.

ஸ்மித் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு எடுக்கிறேன். ஆனால் நண்பன் புத்தகத்தை முழுக்கப் படிக்கவில்லை. ஏழைக் கூலித் தொழிலாளியின் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற இடத்தில் ஸ்மித் அதே பாட்டைப் பாடவில்லை. ஸ்கொட்லாந்துக் கிராமப் பள்ளிகளை எடுத்துக் காட்டி, கட்டணம் ஒரு சாதாரணக் கூலியாளும் கட்டக்கூடிய அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஆசிரியருக்கு ஒரு பகுதி பொதுப்பணத்திலிருந்து வர வேண்டும், முழுவதும் அதிலிருந்து வரக் கூடாது என்கிறார். அதாவது அடிப்படை கொஞ்சம், கட்டணம் கொஞ்சம். சுத்தப் பங்கு முறையை ஏழைப் பிள்ளைக்கு அவரே பரிந்துரைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 1764 தொடக்கத்தில் ஒரு பிரபுவின் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியராகப் போவதற்காக ஸ்மித் கிளாஸ்கோவை விட்டுப் போனார். வருஷம் 300 பவுண் நிலையான சம்பளம், அதன் பிறகு ஆயுள் முழுக்க அதே தொகை ஓய்வூதியம். பங்கு முறையின் பெரிய வக்கீலுக்குத் தனக்கென்று வந்தபோது மாதாமாதம் விழுகிற காசு கசக்கவில்லை!

சரி, அப்படியென்றால் மாதச் சம்பளம்தான் பதிலா? அவசரப்பட வேண்டாம். நம்ம ஊரில் மாதச் சம்பளத்தின் முகத்தையும் பார்த்திருக்கிறோம்.

நான் சொன்ன அதே சென்டரில் தரம் 6 முதல் 9 வரைக்கும் கிழமை நாட்களில் பின்னேர வகுப்பு நடக்கிறது. இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை, எல்லாப் பாடமும். அதை நடத்துவது ஏ.எல் முடித்த ஒரு அக்கா. மாதச் சம்பளம் 15,000 ரூபாய். நாளுக்கு 3 மணித்தியாலம், வாரம் 5 நாள், 4 வாரம், மொத்தம் 60 மணித்தியாலம். மணிக்கு 250. தோட்டக் கணக்கில், 2024இன் நாட்சம்பளத்தில் சொன்னால் 15,000 என்பது 11 பேர். அந்த வகுப்பில் ஏறக்குறைய 70 பிள்ளைகள், தலைக்கு மாதம் 1,500. பாதிப் பேர் கட்டினாலே 50,000ஐத் தாண்டும். மேலே வருவது சென்டருக்கு. பிள்ளைகள் 40இலிருந்து 70 ஆனபோது அக்காவின் வேலை கிட்டத்தட்ட இரட்டித்தது, சம்பளம் அப்படியே நின்றது. ஏப்ரலிலும் டிசம்பரிலும் வகுப்பு இல்லை என்றால் சம்பளமும் இல்லை. மாதச் சம்பளம் என்று பெயர், வருஷத்தில் பத்து மாதம்தான். கவனித்தீர்களா, பங்கு ஆண்களுக்கு, அதாவது “சேர்”களுக்கு. மாதச் சம்பளம் ஊர்ப் பொம்பளப் பிள்ளைகளுக்கு, “மிஸ்”களுக்கு. கூட்டம் சேருகிற பரீட்சை வகுப்பில் பங்கு பேசுவார்கள், கூட்டம் சேர்ந்தாலும் மவுசு இல்லாத சின்ன வகுப்பில் சம்பளம் பேசுவார்கள். எது சென்டருக்கு இலாபமோ அது.

அரசாங்கமும் இதே விளையாட்டை ஆடியது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 2015ஐ ஒட்டி ஆயிரக்கணக்கில் உதவி ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். போராட்டம் பண்ணித்தான் அது 10,000 ஆனது. நிலையான காசு என்ற ஒன்று இருந்தது, அதில் வாழ முடியாது என்பதும் நிலையாக இருந்தது. அந்த ஆசிரியர்கள் பள்ளி விட்ட கையோடு டியூஷனுக்கு ஓடினார்கள். எங்களில் பலருக்கு ஓ.எல் கணிதம் சொல்லித்தந்தவர்கள் அவர்கள்தான், அதனால் இதை நக்கலாகச் சொல்லவில்லை.

ஸ்மித் சொன்னது உண்மை என்றேனே, அது இங்கேதான். சுத்த மாதச் சம்பளத்தில் பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் ஆசிரியருக்கு ஒன்றுமில்லை. நல்லாப் படிப்பிக்கிறவர் இரண்டு வருஷத்தில் “இவ்வளவு கூட்டம் எனக்காகத்தானே வருது” என்று விளங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஒரு அறை எடுத்து சொந்தமாகத் தொடங்கிவிடுவார். அவரைப் பிழை சொல்ல முடியாது. மிஞ்சுவது யார்? போக இடமில்லாதவர்கள்.

ஆகவே நான் கேட்பது இரண்டுக்கும் நடுவில். வகுப்புக்கு ஒரு அடிப்படைத் தொகை, எத்தனை தலை வந்தாலும். அதற்கு மேலே ஒரு எண்ணிக்கையைத் தாண்டினால் பங்கு. டியூட் செலவும் வசூலும் சென்டரின் பொறுப்பு. ஃப்ரீ கார்டும் அவருடைய பொறுப்பு, தர்மம் செய்கிறவரே பில்லைக் கட்டட்டும்.

அதே தரம் 11 வகுப்பில் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்புக்கு 2,500, மாதம் 10,000 அடிப்படை. முதல் 20 பேரின் ஃபீஸில் பங்கு இல்லை, அதற்கு மேலே வருவதில் 40 வீதம். 29 முழு, 6 அரை சேர்த்தால் 32 பேர் கட்டியதற்குச் சமம். 20 போக 12 பேர், 9,600 ரூபாய், அதில் 40 வீதம் 3,840. சேருக்கு 13,840, பஸ் போக 12,640. முன்னே 11,344. பெரிய வித்தியாசம் இல்லைதான், 1,296 ரூபாய். சென்டருக்கு 25,600இல் சேரின் 13,840உம் டியூட் 5,376உம் போக 6,384. முன்னே 7,680. அதே 1,296 அங்கே குறைகிறது. யாரும் ஓட்டாண்டி ஆகவில்லை. ஆனால் சேர் இனி “கார்ட் போடாதவங்க எழும்புங்க” என்று கேட்க வேண்டியதில்லை. அந்த மாதம் 8 பேர் கட்டாமல் போனாலும் 10,000 இருக்கிறது, 42 பேர் நிற்கிற வகுப்பில் திரிகோண கணிதத்தை மூன்றாம் வாரத்திலேயே தொடங்கலாம். தலை கூடினால் அவருக்கும் கூடும் என்பதால் ஸ்மித் பயந்த சோம்பேறித்தனத்துக்கும் இடம் குறைவு.

இது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் பெரிய வகுப்பில்லை, சின்ன வகுப்பு. டயகம பக்கம் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்க நினைக்கிற 6 பேர் என்று வையுங்கள். ஃபீஸ் 1,500, எல்லாரும் கட்டினாலும் 9,000. ஹட்டனிலிருந்து இணைந்த கணிதம் படிப்பிக்க ஒரு சேர் வர வேண்டும். 70 வீதம் 6,300. டியூட் வாரம் 10 பக்கம், 6 பேருக்கு மாதம் 240 பக்கம், 1,920 ரூபாய். பஸ், சாப்பாடு நாளுக்கு 600 வைத்தால் 2,400. மிச்சம் 1,980. நாலு சனிக்கிழமையைக் கொடுத்தவருக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. யார் வருவார்? வரவில்லை, வரவும் மாட்டார்கள். அதனால்தான் அந்த ஆறு பேரும் விடிய நாலரைக்கு எழும்பி ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ பஸ் ஏறுகிறார்கள், அல்லது “ஆர்ட்ஸ் செய்வம்” என்று ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். நான் கலைப்பீடத்தில் இருப்பவள், ஆர்ட்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை. விரும்பி எடுப்பது வேறு, வேறு வகுப்பு ஊருக்கு வராததால் எடுப்பது வேறு.

அடிப்படைத் தொகை முறையில் அந்த சேருக்கு 10,000. பஸ், சாப்பாடு போக 7,600. வருவதைப் பற்றி யோசிக்கவாவது செய்வார். சென்டருக்கு 9,000 வருமானம், 11,920 செலவு, மாதம் 2,920 நட்டம். இதைத் தரம் 11 வகுப்பின் 6,384இலிருந்து போட்டால் மிச்சம் 3,464. தாங்கும். பத்து வகுப்பு நடக்கிற இடத்தில் ஒரு நட்ட வகுப்பை மற்ற ஒன்பதும் தூக்கலாம். தனி ஆசிரியரால் அது முடியாது, அவருக்கு இருப்பது அந்த ஒரு வகுப்பு மட்டும்தான். நட்டத்தை சென்டர் தாங்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான், சென்டர்காரர் கெட்டவர் என்பதில்லை.

இதற்கு ஒரு எல்லை உண்டு. இரண்டே அறை, மூன்றே வகுப்பு உள்ள சென்டர் இப்படி ஒரு நட்ட வகுப்பைத் தாங்கலாம், மூன்றைத் தாங்காது. அறை வாடகை, கரண்ட் பில், வெள்ளைப்பலகை, பேனை எல்லாம் அந்த 3,464க்குள்தான். அங்கே ஊர் நலன்புரிச் சங்கமோ கோயில் பரிபாலன சபையோ வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களோ காசு கொடுப்பதென்றால், தயவுசெய்து கொப்பியும் பேக்கும் வாங்கிக்கொடுத்துப் போட்டோ எடுக்காமல் அந்த 2,920ஐ மாதாமாதம் கட்டுங்கள். வருஷத்துக்கு 35,040 ரூபாய். ஒரு பரிசளிப்பு விழாவுக்கு பேனர், மாலை, மேடை, சாப்பாட்டுக்கு இதைவிடப் போகிறது.

இன்னொரு எதிர்ப்பும் வரும். “சென்டர்காரர் வசூலை மறைச்சார்னா? 32 பேர் கட்டியதை 24 என்று காட்டினால் பங்கு போயிடுமே?” போகும். இப்போதும் போகிறது. 70க்கு 30இல் வசூல் அவர் கையில் போகிற இடங்களில் எத்தனை கார்ட் விற்றது என்று எந்த சேருக்குத் தெரியும்? கார்டில் தொடர் இலக்கம் இருக்க வேண்டும், அடிக்கட்டை இருக்க வேண்டும், மாதக் கடைசியில் ஆசிரியர் அதை எண்ணிப் பார்க்க உரிமை இருக்க வேண்டும். தோட்டத்தில் செக்ரோலைக் காட்டு என்று நம்ம ஆட்கள் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார்கள். டிகிரி செய்கிற நமக்குக் கார்ட் அடிக்கட்டையைக் கேட்க வெட்கமா?

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். “ஊருக்குள்ள எதுக்கு மச்சான் பேப்பர்?” ஒரு கொப்பித் தாள் போதும். அடிப்படைத் தொகை எவ்வளவு, எத்தனை பேருக்கு மேல் பங்கு, டியூட் யார் செலவு, ஏப்ரல் டிசம்பரில் என்ன, வகுப்பை நிப்பாட்டுவதென்றால் எத்தனை வாரம் முன்னே சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னதுதான் பிள்ளைகளுக்கு முக்கியம். ஓ.எல்லுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சனிக்கிழமை வியாழக்கிழமை ஆகக் கூடாது.

அந்த அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். “அடிப்படை எல்லாம் சரிடி, எனக்கு 40 புள்ளைக்கு மேல எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு.” கேட்டுப் பார்த்தேன். 70 பிள்ளையில் 40க்கு மேலே 30, அதில் 20 பேர் கட்டினாலும் 30,000, பத்து வீதம் என்றால் மாதம் 3,000 கூட வரும். சென்டர்காரர் “யோசிப்போம்” என்றார். டிசம்பர் சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்கு அதுவும் சொல்லவில்லை. புது வருஷத்து பேட்ச் சேர்க்கத் தொடங்குவதற்கு முன்னால் அவரிடம் திரும்பப் போவதாக இருக்கிறோம், இந்த முறை பக்கத்து சென்டர்களில் படிப்பிக்கிற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு.